‘எதற்கும் தயார்’ என்பது அழைப்பாகாது

பணி ஓய்வு பெற்ற ஒரு வல்லுநர், பகுதிநேர ஆலோசகராகப் பணியாற்ற முன்வந்து பழைய சகாக்களுக்கும் தொழில்வட்டாரத்தில் அறிமுகமானவர்களுக்கும் அனுப்பும் செய்தி ஐந்தாறு வரிகளுக்கு மேல் போவதில்லை. ஆனால் அவருடைய முப்பது ஆண்டு அனுபவம் வேறோர் ஆலைக்குப் பயன்படுமா, வாழ்த்துப் பதில்களோடு முடிந்துபோகுமா என்பதை அந்த ஐந்தாறு வரிகளே தீர்மானிக்கின்றன. வழக்கமாக எழுதப்படும் செய்தி, இத்தனை ஆண்டுப் பணிக்குப் பின் ஓய்வு பெற்றதைத் தெரிவித்து, எந்த உதவி தேவைப்பட்டாலும் தயங்காமல் அழைக்கும்படி கேட்டுக்கொண்டு முடிகிறது. பணிவாகத் தோன்றும் இந்த வழக்கம் கைவிடப்பட வேண்டும். எந்தச் சிக்கலைத் தீர்க்க முடியும், எத்தனை நாள் தர முடியும், கட்டணம் எந்த அடிப்படையில் அமையும், எதைச் செய்ய இயலாது என்னும் நான்கு வரம்புகளையும் முதல் செய்தியே சொல்லிவிட வேண்டும் என்பதே சரியான நிலை.

கோவை வட்டார நூற்பாலைகளில் தரக்கட்டுப்பாட்டிலும் ரிங் பிரேம் பராமரிப்பிலும் 34 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒரு மேலாளரை எடுத்துக்கொண்டால், இந்த நிலையின் காரணம் விளங்கும். ரிங் பிரேம் என்பது தடித்த பஞ்சு இழையை உருளைகளுக்கிடையே இழுத்து மெலிதாக்கி, முறுக்கேற்றி, நூலாகச் சுற்றும் இயந்திரம். அவரது பழைய சகாக்களில் ஒருவர் இப்போது வேறொரு ஆலையின் பொதுமேலாளராக இருக்கலாம். அவரது மேசையில் அன்றைக்கு இருக்கும் கவலை, வாங்கும் பின்னலாடை நிறுவனம் துணியில் கோடு விழுகிறது என்று நூலைத் திருப்பி அனுப்பியதாகவே இருக்கும். ‘நூற்பாலைத் துறையில் நீண்ட அனுபவம்’ என்ற சொற்றொடரை அந்தக் கவலையோடு அவரால் இணைத்துப் பார்க்க முடியாது. ‘நூலின் சீரற்ற தடிமனுக்கும் ரிங் பிரேமில் நூல் அறுபடுவதற்கும் காரணம் கண்டறிதல்’ என்ற சொற்றொடரைக் கண்டதும் அவரது கை தொலைபேசியை நோக்கிப் போகும்.

அந்தச் சொற்றொடருக்குப் பின்னால் இருக்கும் அறிவு எத்தகையது என்பதையும் பார்க்க வேண்டும். நூலின் தடிமனை அளக்கும் கருவி, எந்த இடைவெளியில் தடிமன் ஏறி இறங்குகிறது என்பதை ஒரு வரைபடமாகத் தருகிறது. குறிப்பிட்ட ஓர் இடைவெளியில் மட்டும் கூர்மையான முகடு தெரிந்தால், சுழலும் ஏதோ ஓர் உறுப்பில் பழுது இருக்கிறது என்று பொருள். ரிங் பிரேமின் முன்உருளை 27 மில்லிமீட்டர் விட்டமுடையதாயின் அதன் சுற்றளவு ஏறத்தாழ 85 மில்லிமீட்டர். ஆகவே எட்டரை சென்டிமீட்டருக்கு ஒருமுறை முகடு தெரிந்தால் முதலில் ஐயப்பட வேண்டியது முன்உருளையை. அதே விட்டமுடைய பின்உருளையில் பழுது இருந்தால், அங்கு உண்டாகும் குறை முன்உருளையை அடைவதற்குள் இழுக்கப்பட்டு நீண்டுவிடுகிறது. இழுவை விகிதம், அதாவது இழை எத்தனை மடங்கு நீட்டப்படுகிறது என்னும் டிராஃப்ட், 30 ஆக இருந்தால் முகடு இரண்டரை மீட்டர் அளவில் தோன்றும். இந்தக் கணக்கு பாடநூலில் உள்ளதுதான். ஆனால் வரைபடத்தில் முகடு தெரியாமல் நூல் மட்டும் அறுபடும்போது, வளையத்தில் ஓடும் டிராவலர் தேய்ந்திருக்கிறதா, கூடத்தின் ஈரப்பதம் குறைந்திருக்கிறதா, கார்டிங் பகுதியிலிருந்தே குறை வருகிறதா என்று எந்த வரிசையில் தேடுவது என்பது பல ஆண்டுகள் ஷிப்டு ஷிப்டாக நின்று பார்த்தவருக்கே கைவரும். இயந்திரத்தைப் பிரித்துப் போடும் முன்பே தேட வேண்டிய இடத்தைச் சொல்லிவிடுவதுதான் ஆலை காசு கொடுத்து வாங்கும் சரக்கு. செய்தி அந்தச் சரக்கின் பெயரைச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது வரம்பு நாள்கணக்கு. வாரத்துக்கு இரண்டு நாள் என்றோ மாதத்துக்கு எட்டு நாள் என்றோ எழுதிவிட்டால், அது வேலை கேட்கும் மனு அன்று என்பது தெளிவாகிவிடும். எழுதாமல் விட்டால் நேர்வது வேறு: ஆலோசகர் என்ற பெயரில் வருகைப்பதிவேட்டில் கையெழுத்திட்டு, ஒரே நிறுவனத்துக்கு, அதன் மேலதிகாரி சொல்லும் நேரத்தில், சொல்லும் வேலையை எல்லாம் செய்யும் நிலைக்கு அவர் தள்ளப்படுவார். ஒருவருடைய கட்டுப்பாட்டில் பணிபுரியும் ஒப்பந்தமும், குறிப்பிட்ட சேவையைச் செய்து தரும் ஒப்பந்தமும் சட்டத்தின் பார்வையில் வேறுவேறு. முன்னதில் வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை போன்ற உரிமைகள் உண்டு. பின்னதில் அவை இல்லை. பகுதிநேர ஆலோசனை என்று தொடங்கி முழுநேர வேலையாகிவிடும் ஏற்பாட்டில், ஓய்வு பெற்றவர் ஊழியரின் கடமைகளைச் சுமந்துகொண்டு ஊழியரின் உரிமைகளை இழக்கிறார்.

கட்டணத்தைப் பற்றிய தயக்கமே எல்லாவற்றிலும் பெரிய தடை. பழகியவரிடம் பணம் கேட்பது எப்படி என்று அனுப்புபவர் தயங்க, பழகியவருக்கு எவ்வளவு கொடுப்பது என்று பெறுபவரும் தயங்க, முடிவில் தொலைபேசியில் அரைமணி நேரம் இலவசமாகச் சொல்லப்பட்ட யோசனையை யாரும் ஒழுங்காக நடைமுறைப்படுத்துவதில்லை, ஏனென்றால் அதற்கு எவரும் பொறுப்பேற்கவில்லை. எனவே நாள்கணக்கில் கட்டணம் என்ற இரண்டு சொற்கள் முதல் செய்தியிலேயே இருக்க வேண்டும். தொகையை அடுத்த உரையாடலில் சொல்லலாம். அந்தத் தொகையைக் கணிப்பதும் கடினமன்று. ஓய்வு பெறும்போது மாத ஊதியம் 1,20,000 ரூபாயாகவும் வேலைநாட்கள் 25 ஆகவும் இருந்தால் ஒரு நாள் ஊதியம் 4,800 ரூபாய். ஆனால் அந்த ஊதியத்துக்கு மேல் நிறுவனம் செலுத்திய வைப்பு நிதிப் பங்கும் மருத்துவக் காப்பீடும் இப்போது இல்லை. ஆலைக்குப் போகாத நாளில் அறிக்கை எழுதும் உழைப்புக்கும் தனி ஊதியம் இல்லை. ஆகவே அதன் இருமடங்கை ஒட்டி நாளொன்றுக்கு 10,000 ரூபாய் கேட்பது பேராசையாகாது. மாதம் எட்டு நாள் என்றால் ஆண்டுக்கு 9,60,000 ரூபாய். சேவை வழங்குவோர் சரக்கு மற்றும் சேவை வரிக்குப் பதிவுசெய்ய வேண்டிய 20 லட்சம் ரூபாய் என்ற வரம்பை இது எட்டுவதில்லை. ஆனால் ஓர் ஆலை ஆண்டுக்குத் தரும் கட்டணம் 50,000 ரூபாயைத் தாண்டினால் அது மூலத்திலேயே வருமானவரியைப் பிடித்துக்கொண்டு மீதியையே தரும் என்பதை அவர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

நான்காவது வரம்பைத்தான் பலரும் எழுதுவதில்லை. எழுதப்பட வேண்டியவற்றில் முதன்மையானது அதுவே. பழைய நிறுவனத்தின் போட்டியாளரும் இந்தச் செய்தியைப் பெறுவோரில் ஒருவராக இருப்பார். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, ஒருவர் தம் தொழிலைச் செய்வதைத் தடுக்கும் உடன்படிக்கை செல்லாது என்கிறது. செஞ்சுரி நூற்பாலை நிறுவனத்துக்கும் அதன் ஊழியர் ஒருவருக்கும் இடையே நடந்த வழக்கில் 1967இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே போட்டி நிறுவனத்துக்குப் போவதைத் தடுக்கும் நிபந்தனை செல்லும் என்று ஏற்றது. பணி முடிந்த பின்னும் நீளும் தடைகளை நீதிமன்றங்கள் கடுமையாகவே பார்த்து வந்துள்ளன. ஆகவே ஓய்வு பெற்றவர் போட்டி ஆலைக்கு ஆலோசனை சொல்வதற்குத் தடை இல்லை. ஆனால் தொழில் செய்யும் உரிமை வேறு, பழைய நிறுவனத்தின் இரகசியம் வேறு. எட்டரை சென்டிமீட்டர் முகடு முன்உருளையைக் காட்டுகிறது என்பது அவருடைய திறமை. அது அவரோடு எங்கும் போகலாம். நாற்பதாம் நம்பர் நூலுக்குப் பழைய ஆலை எந்தப் பஞ்சை எந்த விகிதத்தில் கலக்கிறது, யாருக்கு என்ன விலைக்கு விற்கிறது என்பது அவரிடம் நம்பி ஒப்படைக்கப்பட்டது. அது அவரோடு போகக் கூடாது. ‘முன்னர் பணியாற்றிய ஆலைகளின் கலவை, விலை, வாடிக்கையாளர் விவரங்கள் குறித்து ஆலோசனை இல்லை’ என்ற ஒரு வரி பழைய முதலாளிக்கு அமைதி தருகிறது. புதிய ஆலைக்கோ, தன்னுடைய விவரமும் நாளை இவரால் வெளியே போகாது என்ற உறுதியைத் தருகிறது. அறிவின் எல்லையும் இதே வரியில் சேர வேண்டியதே: பழைய வகை ரிங் பிரேம்களில் தேர்ந்தவர், தானியங்கிக் கண்காணிப்புள்ள புதிய இயந்திரங்களில் தமக்குப் பழக்கம் இல்லையெனில் அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

இந்த நான்கும் சேர்ந்தால் செய்தி இவ்வாறு அமையும்: “வணக்கம். கோவை வட்டார நூற்பாலைகளில் 34 ஆண்டுப் பணிக்குப் பின் மார்ச் மாதம் ஓய்வு பெற்றுள்ளேன். நூலின் சீரற்ற தடிமன், ரிங் பிரேமில் நூல் அறுபடுதல் ஆகியவற்றுக்குக் காரணம் கண்டறிந்து எழுத்தில் அறிக்கை தரும் பணியை மாதம் எட்டு நாள் வரை, நாள்கணக்கில் கட்டணத்துக்கு ஏற்றுக்கொள்கிறேன். முன்னர் பணியாற்றிய ஆலைகளின் கலவை, விலை, வாடிக்கையாளர் விவரங்கள் இதில் அடங்கா. தங்கள் ஆலையில் இத்தகைய தேவை இருந்தால், கடைசியாக எடுத்த பரிசோதனை வரைபடத்தை அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன்.” கடைசி வரி முக்கியமானது, பெறுபவர் செய்ய வேண்டிய செயல் ஒன்றே, அதுவும் சிறியது.

இப்படி வரம்பு கட்டினால் வாய்ப்பு குறையும் என்றும், நண்பர்களிடம் இவ்வளவு கறாராக எழுதுவது உறவைக் கெடுக்கும் என்றும் எதிர்வாதம் எழும். முதலாவதற்கு விடை, செய்தியைப் பெறுபவர் தாமே வேலை தராவிட்டாலும் இன்னொருவருக்குச் சொல்லி அனுப்புகிறார் என்பதில் இருக்கிறது. ‘நூல் அறுபடுவதைப் பார்ப்பவர்’ என்று ஒருவரைச் சுட்டிச் சொல்ல முடியும், ‘எல்லாம் தெரிந்தவர்’ என்று சுட்ட முடியாது. உறவைப் பற்றிய கவலையில் உண்மை உண்டு. முன்பு தமக்குக் கீழே பணியாற்றிய இளைஞர் இப்போது மேலாளராக இருந்தால், அவர் இன்றும் ‘சார்’ என்றே அழைப்பார். அவரால் மறுக்க முடியாத நிலையை ஓய்வு பெற்றவர் உண்டாக்கிவிடக் கூடாது. ஆகவே செய்தியைக் குழுவில் பொதுவாகப் போடாமல் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே, ‘தாங்கள்’ என்ற மரியாதையோடு அனுப்ப வேண்டும். பதில் வராவிட்டால் ஒரு மாதம் கழித்து ஒருமுறை நினைவூட்டி, அதற்கு மேல் விட்டுவிட வேண்டும். உறவை உண்மையில் கெடுப்பது, வரம்பில்லாமல் தொடங்கிய உதவி இடையில் கணக்காக மாறுவதுதான்.

ஆலைகளுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. இத்தகைய செய்தி வரும்போது, ஒரே ஒரு இயந்திரத்தையும் இரண்டு நாட்களையும் ஒதுக்கி, வேலை தொடங்குமுன் நூல் எத்தனை முறை அறுபட்டது, பின்னர் எத்தனை முறை அறுபட்டது என்று எண்ணிப் பார்க்கட்டும். எண்ணிக்கை குறைந்தால் கட்டணம் நியாயமானது. குறையாவிட்டால் இழப்பு இரண்டு நாள் கட்டணம் மட்டுமே. வரம்பு சொல்லி எழுதியவரிடம் மட்டுமே இப்படி எண்ணிப் பார்க்க முடியும்; எதற்கும் தயார் என்று எழுதியவரிடம் எதை எண்ணுவது என்பதே தெரியாது.