இருந்தால் வரும், இல்லாவிட்டால்?

மக்களே, நாகர்கோவிலில் இத்தனை வருஷம் நியூமெரிக்கல் மெத்தட்ஸ் நடத்திய எனக்கு ஒரு மனக்குறை உண்டு. காஸ்-சைடல் முறையில், குறி பாராமல், ஒவ்வொரு வரிசையிலும் மூலைவிட்ட எண் மற்றவற்றின் கூட்டுத்தொகையைவிடப் பெரிதாக இருந்தால் விடை கட்டாயம் வரும். சரிதான். ஆனால் "அப்படி இல்லாவிட்டால் வராது" என்றும் பிள்ளைகள் எழுதுகிறார்கள். அது தப்பு.

x + 2y = 3, 2x + 5y = 7 என்பதை எடுங்கள். விடை x = 1, y = 1. முதல் வரிசையில் மூலைவிட்ட எண் 1. பக்கத்திலிருக்கும் 2 அதைவிடப் பெரிது. ஆனாலும் y = 0 என்று தொடங்கி, முதல் சமன்பாட்டில் x, அந்த x-ஐ வைத்து இரண்டாவதில் y என்று மாறி மாறிப் போட்டால், y 0.2, 0.36, 0.488 என்று 1-ஐ நோக்கி ஏறும். ஒவ்வொரு சுற்றிலும் பிழை முந்தையதில் 4/5 பங்குதான்.

அந்த 4, மூலைவிட்டத்துக்கு வெளியே உள்ள எண்களின் பெருக்கல். 5, மூலைவிட்ட எண்களின் பெருக்கல். சமன்பாடுகளை இடம் மாற்றினால் அதுவே 5/4 ஆகி, பிழை பெருகும்.

ஆயிரம் சமன்பாடுகளுக்கு இந்தப் பெருக்கல் போதாது. அங்கே அணி சமச்சீராகவும் பாசிட்டிவ் டெஃபினிட்டாகவும் இருந்தால் காஸ்-சைடல் நிச்சயம் ஒருங்கும். மேலே உள்ளதும் அப்படிப்பட்ட அணிதான்.

ஆகவே, "வராது" என்று எழுதும் முன் நாலு சுற்று போட்டுப் பாருங்கள். அடுத்தடுத்த y-களின் வித்தியாசம் 0.16, 0.128 என்று ஒரே விகிதத்தில் குறைகிறதா என்று கவனியுங்கள். குறைந்தால், அவசரப்பட்டு "வராது" என்று எழுதாதீர்கள்.