விடை சரி, வழி சரியா?

1924இல் ஹென்றி டியூடனி ‘ஸ்ட்ராண்ட்’ இதழில் வெளியிட்ட SEND + MORE = MONEY என்னும் புதிர், எழுத்துக்கு ஓர் இலக்கம் காணும் கணக்குகளில் மிகவும் அறியப்பட்டது. அதைத் தீர்ப்போர் பலர் ஓரிடத்தில் ஒரு படியைத் தாண்டிவிடுகின்றனர். விடை சரியாக வந்துவிடுவதால் அப்பிழை வெளிப்படுவதில்லை.

இரு நான்கிலக்க எண்களின் கூட்டுத்தொகை 20,000ஐ எட்டாது; எனவே M = 1. உடனே S = 9 என்று எழுதிவிடுகின்றனர். அது அப்போது நிறுவப்படவில்லை. நூறாம் இடத்திலிருந்து 1 ஏறி வந்தால் S = 8 ஆகவும் இருக்கலாம். O என்பது 0 அல்லது 1; 1 ஏற்கெனவே M-க்கு உரியதாதலால் O = 0 என்பது மட்டுமே அங்கு உறுதி.

நூறாம் இடத்தில் E-யுடன் 0 கூடுகிறது. அங்கிருந்து 1 ஏற வேண்டுமானால் E = 9 ஆகி, கீழிருந்தும் 1 ஏறி, N = 0 ஆக வேண்டும். 0 O-வுக்கு உரியது; ஆகவே எதுவும் ஏறவில்லை. S = 9 என்பது இப்போதுதான் முடிவாகிறது. தொடர்ந்தால் N = E + 1, R = 8; இறுதியில் 9567 + 1085 = 10652.

முதல் இலக்கம் 0 ஆகாது என்ற விதியும் வெறும் மரபன்று. அதை நீக்கினால் 2817 + 0368 = 03185 என்பதும் விடையாகிவிடும்; விடை ஒன்றே என்ற கூற்று பொய்க்கும்.

ஆகவே ஆசிரியர் மதிப்பெண் இட வேண்டியது 10652க்கு அன்று; S = 8 விலக்கப்பட்ட வரிக்கு.