வங்கி பதில் சொல்லவில்லை என்பது மட்டும் புகார் ஆகாது

"மூன்று தடவை போன் செய்தேன், இரண்டு மெயில் போட்டேன், இன்றுவரை பதிலே இல்லை." வங்கியைப் பற்றி ஆம்புட்ஸ்மனுக்கு எழுத உட்கார்ந்த நண்பர்கள் என்னிடம் காட்டிய வரைவுகள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கின்றன. கோபம் நியாயமானதுதான். ஆனால் அந்தக் கோபத்தையே புகாராக எழுதி அனுப்பினால், "இது எங்கள் வரம்புக்குள் வராது" என்று பதில் வர வாய்ப்பு இருக்கிறது.

ஏன் என்பதை நம்மில் பலர் அறிந்திருப்பதில்லை. பிரிட்டனின் நிதி ஆம்புட்ஸ்மன் சேவை விசாரிப்பது வங்கிச் சேவையில் நடந்த தவறுகளை. கணக்கு, கடன், பணப் பரிமாற்றம் போன்றவை அதில் வரும். புகாரை வங்கி எப்படிக் கையாண்டது என்பது தனியாக ஒரு நிதிச் சேவை அல்ல என்பது அவர்கள் நிலைப்பாடு. மசரோனா ப்ராப்பர்ட்டீஸ் என்ற நிறுவனம் தொடுத்த வழக்கில் 2017இல் உயர் நீதிமன்றமும் அதே பக்கம்தான் நின்றது. மூலப் பிரச்சினையோடு ஒட்டி வந்தால் மட்டுமே புகாரைக் கையாண்ட விதத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

இது எனக்கு நியாயமாகப் படவில்லை. பதில் சொல்லாமல் இழுத்தடிப்பதால் வாடிக்கையாளருக்கு ஏற்படும் அலைச்சலுக்குத் தனி விலை இல்லை என்றால், இழுத்தடிப்பவருக்கு என்ன பயம்? வங்கிகள் புகார்களின் கணக்கை நிதிக் கண்காணிப்பு ஆணையமான எஃப்சிஏவுக்கு அரையாண்டுக்கு ஒருமுறை கொடுக்கின்றன, உண்மைதான். அதனால் ஈஸ்ட் ஹாமில் இருக்கும் ஒருவர் கைக்கு ஒரு பென்னியும் வராது. விதி மாறும்வரை, இருக்கிற விதிக்கு ஏற்றபடி எழுதத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் தாமதம் எதற்குப் பயன்படும்? ஆம்புட்ஸ்மனிடம் போகும் உரிமையை அதுதான் தருகிறது. பொதுவாகப் புகாரைப் பெற்ற நாளிலிருந்து எட்டு வாரத்துக்குள் வங்கி இறுதிப் பதில் தர வேண்டும். பணப் பரிமாற்றச் சேவை பற்றிய புகார்களுக்கு 15 வேலை நாள்தான், விதிவிலக்கான சூழலில் 35. கெடு தாண்டிவிட்டால் வங்கியின் கடிதம் கையில் இல்லாமலே போகலாம். கட்டணம் கிடையாது.

நண்பர் ஒருவரின் விஷயத்தைச் சொல்கிறேன். வங்கியின் பெயர் இங்கே வேண்டாம். பழைய வங்கியில் 1.5 சதவீத வட்டிக்குக் கிடந்த 18,000 பவுண்டு கேஷ் ஐசாவை, 4.5 சதவீதம் தரும் புதிய வங்கிக்கு மாற்ற 2025 ஜனவரி 6 அன்று படிவம் கொடுத்தார். ஒரு கேஷ் ஐசாவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற 15 வேலை நாளுக்கு மேல் ஆகக் கூடாது. அதாவது ஜனவரி 27க்குள் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. புதிய வங்கி படிவத்தைத் தவறவிட்டிருந்தது. பிப்ரவரி 10 அன்று போன் செய்து சண்டை போட்டார். மார்ச் 3 அன்று இணையப் படிவத்தில் எழுதியும் கொடுத்தார். பிறகு அமைதி.

எட்டு வாரத்தை எந்த நாளிலிருந்து எண்ணுவது? "போனில் பேசியது விசாரிப்பு, மார்ச் 3 அன்று வந்ததுதான் புகார்" என்றது வங்கி. அப்படி எண்ணினால் கெடு ஏப்ரல் 28. ஆனால் எஃப்சிஏ விதிப்படி வாய்மொழியாக அதிருப்தி சொன்னாலும் அது புகார்தான். "புகார்" என்ற சொல்லைப் பயன்படுத்த வேண்டிய அவசியம்கூட இல்லை. எனவே கெடு ஏப்ரல் 7. இதை நிரூபிக்க நண்பரிடம் இருந்தது போனின் அழைப்புப் பட்டியலில் ஒரு வரி மட்டுமே: தேதி, நேரம், 34 நிமிடம். எங்கள் ஐடி வேலையில் டிக்கெட் எப்போது திறக்கப்பட்டது என்பதற்காக மணிக்கணக்கில் வாதாடுவோம். இதுவும் அதே வாதம்தான். போனில் பேசி முடித்ததும் "இன்று இன்னாரிடம் இதைச் சொன்னேன்" என்று வங்கிக்கே ஒரு வரி மெசேஜ் போட்டுவிட்டால் வாதாட வேண்டிய அவசியமே வராது.

ஏப்ரல் 8 அன்று ஆம்புட்ஸ்மன் படிவத்தை நிரப்பினோம். நண்பரின் முதல் வரைவில் பதில் வராத கதைதான் முக்கால் பக்கம். அதைத் திருப்பிப் போட்டோம். ஏறத்தாழ இப்படி:

"ஜனவரி 6 அன்று ஐசா மாற்றம் கேட்டேன். 15 வேலை நாளுக்குள், ஜனவரி 27க்குள், முடிந்திருக்க வேண்டும். இன்றும் முடியவில்லை. வட்டி வித்தியாசத்தில் நாளொன்றுக்குச் சுமார் 1.48 பவுண்டு இழக்கிறேன். இன்றுவரை 71 நாளுக்கு 105 பவுண்டு. மாற்றத்தை முடித்து, முடியும் நாள்வரையான வட்டியைத் தர வேண்டும். பிப்ரவரி 10 அன்று போனில் புகார் செய்தேன், மார்ச் 3 அன்று எழுத்திலும் கொடுத்தேன். ஏப்ரல் 7உடன் எட்டு வாரம் முடிந்தது. இறுதிப் பதில் வரவில்லை."

தாமதத்துக்கு இதில் கடைசி மூன்று வாக்கியங்கள்தான், அவையும் தேதிகள். "அலட்சியம்", "ஏமாற்று", "இனப் பாகுபாடு" போன்ற சொற்களை ஆதாரம் இருந்தால் மட்டும், அதுவும் தனிப் புகாராக எழுதுங்கள். பதில் வராததை விளக்க அவை தேவையில்லை. "பல மாதமாக" என்பதும் வேண்டாம். அது எந்தக் கெடுவையும் நிரூபிக்காது.

பணம் கடைசியில் மே 7 அன்று மாறியது, 100 நாள் தாமதமாக. விசாரணையாளர் வட்டி வித்தியாசமாக 148 பவுண்டும், மாற்றம் இழுபட்டதால் ஏற்பட்ட மன உளைச்சலுக்கு 100 பவுண்டும் தரச் சொன்னார், வங்கி ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொள்ளாவிட்டால் கோப்பு ஆம்புட்ஸ்மனிடம் போயிருக்கும். அவர் முடிவை நாம் ஏற்றுக்கொண்டால் அது வங்கியைக் கட்டுப்படுத்தும்.

இன்னொரு இடத்தில் ஆட்கள் ஏமாறுகிறார்கள். "உங்கள் புகாரைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்று வரும் கடிதம் இறுதிப் பதில் அல்ல. எட்டாவது வாரத்தில் "இன்னும் முடிவெடுக்கவில்லை, நீங்கள் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம்" என்று வருவதும் அல்ல. இறுதிப் பதிலில் வங்கியின் முடிவும், ஆறு மாதத்துக்குள் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம் என்ற வரியும் இருக்கும். அந்தக் கடிதத் தேதியிலிருந்துதான் ஆறு மாதம் ஓடுகிறது. சில சமயம் நாம் ஆம்புட்ஸ்மனுக்கு எழுதிய பிறகு அவசரமாக அனுப்புவார்கள். அதை அப்படியே கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள்.

ஊரில் இருக்கும் என்ஆர்ஓ கணக்குக்கு இதெல்லாம் பொருந்தாது. மதுரைக் கிளை செய்த தவறை லண்டன் ஆம்புட்ஸ்மன் பார்க்க மாட்டார். அதற்கு ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மன், முகவரி cms.rbi.org.in. அங்கே கெடு 30 நாள். முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்திருக்க வேண்டும். மேனேஜரிடம் வாட்ஸ்அப் காலில் பேசியதை இங்கே போல் நாள் கணக்கில் சேர்க்க முடியாது. வங்கியின் புகார் மெயிலுக்கு எழுதி, வரும் புகார் எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, அந்தத் தேதியிலிருந்து எண்ணத் தொடங்குங்கள்.