மேடு தட்டிய செடிக்குச் சுண்ணாம்பு அடித்தால் மதிப்பெண் உண்டா?

கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் அண்ணன் மகள் ஒரு வினாத்தாளைக் கொண்டுவந்து, "அத்தை, தமிழ் சரியா இருக்கான்னு மட்டும் பாருங்க" என்றாள். விவசாயிகளிடம் போய் ஆலோசனை சொல்லப் பயிற்சி எடுக்கும் பிள்ளைகளுக்கான தேர்வு. காபிச் செடியின் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் பற்றி எட்டு வினாக்கள். தமிழில் பிழை இல்லை. வினாக்களில்தான் பிழை.

பூச்சியின் அறிவியல் பெயர் என்ன? சுண்ணாம்புக் கரைசல் எத்தனை சதவீதம்? ஏக்கருக்கு எத்தனை இனக்கவர்ச்சிப் பொறி? கையேட்டில் ஒரு வரியை எடுத்து, ஒரு சொல்லை அழித்து, கோடு போட்டிருக்கிறார்கள். நாலாம் வகுப்புக்கே நான் இப்படி வினா எடுத்ததில்லை. முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளை நாகலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் நின்றால் என்ன சொல்வான்? பூச்சியின் பெயரைச் சொல்வான்.

தோட்டத்தில் நடப்பது வேறு. இந்த வண்டு அராபிகா செடியின் தண்டிலும் தடித்த கிளையிலும் பட்டை வெடிப்புக்குள் முட்டை இடும். புழு முதலில் பட்டைக்கு அடியில் தின்னும், பிறகு கட்டைக்குள் போய்விடும். போகிற வழியை மரத்தூளால் அடைத்துக்கொண்டே போவதால் வெளியே ஓட்டை தெரியாது. தண்டில் விரலை ஓட்டினால் மேடு தட்டும், அவ்வளவுதான். பல மாதம் உள்ளேயே இருந்துவிட்டு, ஏப்ரல், மே மாதங்களிலும், மறுபடி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் வண்டாக வெளியே வரும். அதனால்தான் மார்ச்சிலும் செப்டம்பரிலும் செடி செடியாகத் தடவிப் பார்க்கச் சொல்கிறார்கள். வண்டு பறக்கும் முன்பே அதை எரித்துவிட வேண்டும்.

இங்கேதான் சிக்கல். செப்டம்பரில் செடி நிறையக் காய். பழம் பறிக்க நவம்பர், டிசம்பர் ஆகும். ஒரு ஏக்கர் வைத்திருக்கிற என் பழைய மாணவன் ஒருவன் சொன்னான்: "டீச்சர், காயோட நிக்கிற செடிய எப்படி வெட்டறது? சுண்ணாம்பு அடிச்சு விட்டுட்டேன்." வந்து பார்த்த பயிற்சிப் பையனும் தலையாட்டிவிட்டுப் போயிருக்கிறான். சுண்ணாம்பு தப்பான மருந்து இல்லை. நல்ல செடியில் பூசினால் முட்டை வைக்க விடாது. உள்ளே புகுந்துவிட்ட புழுவை அது ஒன்றும் செய்யாது. அந்தச் செடிகளிலிருந்து வண்டு கிளம்பி, நிழல் குறைந்த மேட்டுப் பக்கம் பூராவும் ஏறிவிட்டது. அடுத்த வருடம் அவன் வெட்டியது முன்னதைப் போல் பல மடங்கு.

அதனால் வினாவை இப்படி மாற்றி எழுதினேன். "செப்டம்பர் மூன்றாம் வாரம். ஆறு வயது அராபிகா. தண்டில் மேடு தட்டுகிறது, இலை மஞ்சள், செடியில் காய் இருக்கிறது. பக்கத்துச் செடிகளில் மேடு இல்லை. உரிமையாளரிடம் முதலில் எதைச் செய்யச் சொல்வீர்கள்?" நான்கு விடைகள்: இந்தச் செடிக்குச் சுண்ணாம்பு பூசலாம், பழம் பறித்த பிறகு வெட்டலாம், பொறி கட்டிவிட்டுக் காத்திருக்கலாம், இப்போதே கழுத்துப் பகுதியில் வெட்டித் தண்டை எரிக்கலாம். கடைசிதான் சரி. மற்ற மூன்றும் நம் ஊரில் நிஜமாகவே சொல்லப்படுகிற பேச்சு. தப்பான விடையைக் கற்பனை செய்யக்கூடாது, தோட்டத்தில் கேட்டு எழுத வேண்டும். மாதம், வயது, மேடு, காய் இவற்றில் ஒன்றை விட்டாலும் வினா செத்துவிடும். மஞ்சள் இலை மட்டும் என்று எழுதினால் வேர்ப் பிரச்சினையாகவும் இருக்கலாம், தண்ணீர்ப் பஞ்சமாகவும் இருக்கலாம். நல்லாப் படித்த பிள்ளைதான் குழம்பும்.

அதோடு தொடர் வினா ஒன்று. "வெட்டிய அடிக்கட்டையின் முகத்தில் மரத்தூள் அடைத்த துளை கீழ்நோக்கிப் போகிறது. அடுத்து என்ன?" வேருக்குள் இறங்கிவிட்டது என்று அர்த்தம், வேரோடு பிடுங்கி எரிக்க வேண்டும். முகம் சுத்தமாக இருந்தால் கட்டையை விடலாம், துளிர் வரும். வெட்டியதை விறகாக வீட்டு ஓரம் அடுக்கிவைத்தால் வண்டு அங்கிருந்தே பறக்கும். அதற்கும் ஒரு வினா வைத்தேன்.

"திருத்துவது சுலபமாக இருக்கணும் இல்லையா" என்று பதில் வந்ததாம். என் வினாவுக்கும் விடை ஓர் எழுத்துதான், ஐயா. எழுதுகிறவருக்குத்தான் வேலை அதிகம்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். மேடு எப்படித் தட்டும் என்பதைத் தாளில் கேட்க முடியாது. துளைத்த தண்டு ஒன்றும் நல்ல தண்டு ஒன்றும் மேசைமேல் வைத்து, கண்ணை மூடித் தடவிச் சொல்லச் சொல்லணும். அண்ணன் மகளிடம் அதையும் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

ஏற்காட்டில் காபி வைத்திருக்கிற என் பிள்ளைகள், செடியை வெட்டாமல் இருக்க நீங்கள் சொன்ன சாக்கு என்ன என்று கீழே எழுதுங்கள். வெட்கப்பட வேண்டாம். அடுத்த வினாத்தாளுக்கு அதுதான் வேண்டும்.