பத்தி மாறினால் செய்தியும் மாறும்

பழைய பத்திரிகைப் பக்கங்களைப் புகைப்படமெடுத்து, எழுத்துணரி மென்பொருளிடம் ஒப்படைத்து, வெளிவருவதை அப்படியே சேமித்துவிட்டு "ஆவணப்படுத்திவிட்டோம்" என்று அறிவிக்கும் போக்கு நம்மிடையே பெருகி வருகின்றது. எழுத்துப் பிழைகள் குறைவு என்பதே இவர்கள் காட்டும் சான்று. ஓர் எழுத்தேனும் பிழைக்காத நிலையிலும் ஒரு செய்தி முழுப் பொய்யாகிவிடலாம் என்பதே எனது வாதம்.

ஓர் உதாரணத்தை அமைத்துப் பார்ப்போம். மூன்று பத்திகளுக்கு மேலாக ஒரே தலைப்பு. இரண்டாம், மூன்றாம் பத்திகளின் நடுவே ஒரு பெரிய படம். படத்துக்கு மேலே இரண்டாம் பத்தி இவ்வாறு முடிகின்றது: "நிதியில் முறைகேடு நடந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டது. ஆனால் கூட்டுறவுச் சங்கத்". படத்துக்குக் கீழே அதே பத்தி, "தலைவர் இதனை மறுத்தார்" எனத் தொடங்குகின்றது. மூன்றாம் பத்தியின் உச்சியிலோ, "விவசாயிகளின் மனு ஏற்கப்பட்டதாக அமைச்சின் செயலாளர் அறிவித்தார்" என்றிருக்கின்றது.

படத்தைக் குறுக்குச் சுவராகக் கருதும் மென்பொருள், மேலே உள்ள இரு துண்டுகளையும் முதலில் வாசித்துவிட்டே கீழே இறங்கும். விளைவு என்ன? முறைகேட்டுக் குற்றச்சாட்டு மறுப்பின்றி நிற்கும். செயலாளரின் அறிவித்தலைத் தலைவர் மறுத்ததாகப் பதிவாகும். ஒருவரது மறுப்பு களவுபோய்விட்டது. எழுத்துப் பிழையோ ஒன்றுமில்லை.

இதனை வெறும் வடிவ கணிதத்தால் தீர்க்க முடியாது. படத்தின் இடத்தில் இரு பத்திகளையும் மூடும் உபதலைப்பு இருந்திருந்தால், மேலே உள்ள இரண்டையும் முதலில் வாசிப்பதுதான் சரி. இரண்டில் எது என்பதைச் சொல்ல வல்லது மொழி. "சங்கத்" என்ற வரி தகர ஒற்றில் முடிகின்றது; அதற்கு அடுத்து வருவது தகரத்தில் தொடங்கவேண்டும். "தலைவர்" பொருந்துகின்றது, "விவசாயிகளின்" பொருந்தவில்லை. அதேபோல், இரண்டாம் பத்தியின் அடிவரி "கடன் நிவாரணம் கோரிய" என முடிந்தால், அந்தப் பெயரெச்சம் தனக்குரிய பெயரைத் தேடும். மூன்றாம் பத்தியின் உச்சியிலுள்ள "விவசாயிகளின் மனு" அதற்கு விடையாகும். நமது பத்திரிகைகள் இணைகோடு இடாமலே சொல்லை வரியிறுதியில் உடைப்பதும் இங்கு உதவுகின்றது: பாதிச் சொல் தன் மறுபாதியைத் தானே அடையாளங் காட்டும்.

இதற்கும் எல்லையுண்டு. முற்றுப்புள்ளியோடு முடியும் பத்தி எந்தத் தடயத்தையும் தராது. ஒற்றெழுத்தை விட்டுவிட்டு அச்சிட்ட பத்திரிகைகளும் பல. அத்தகைய இடங்களில் ஐயம் என்று குறித்து வைப்பதே நேர்மை, ஊகித்து ஒட்டுவதன்று.

புகைப்படம் தரும் தொல்லை வேறு. 50 சென்ரிமீற்றர் உயரமான பத்தி ஒரேயொரு பாகை சரிந்தால், அதன் உச்சிக்கும் அடிக்கும் இடையே ஏறத்தாழ 9 மில்லிமீற்றர் விலகல் ஏற்படும். பத்திகளுக்கிடையே உள்ள வெற்றிடமோ அரைச் சென்ரிமீற்றர் அளவினது. நேர்செங்குத்தாக இடைவெளி தேடும் முறைக்கு அங்கே இடைவெளியே தென்படாது. கட்டிய தொகுதியின் மடிப்பருகே வரிகள் வளைவதால் நிலைமை இன்னும் மோசமாகும். ஆகவே, முதலில் படத்தை நிமிர்த்தவேண்டும். அடுத்து, ஒவ்வொரு தலைப்பும் எத்தனை பத்திகளை ஆளுகின்றது என்று பார்த்து, செய்தி செய்தியாகப் பிரித்து, துண்டுகளை வாசிப்பொழுங்கில் இலக்கமிட்டு வெட்டவேண்டும். அதன் பின்னரே எழுத்துணரி.

```
tesseract s1-02.png s1-02 -l tam --psm 6
```

இங்கு `--psm 6` என்பது படம் முழுவதையும் ஒரே பாளமாகக் கொள்ளும் கட்டளை. ஒரு பத்தித் துண்டுக்கு அது பொருத்தமானது. முழுப் பக்கத்துக்கு அதனையே இட்டால், முதற் பத்தியின் முதல் வரியோடு அயற்பத்தியின் முதல் வரி ஒட்டிக்கொள்ளும். மரண அறிவித்தலொன்றில் அயல் விளம்பரத்தின் பெயர் புகுந்துவிடும்.

இவ்வளவு உழைப்புக்கு ஆளில்லை என்பார்கள். அப்படியானால் படத்தை மட்டும் வையுங்கள். அது பொய் சொல்லாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகமும் ஈழநாடு அலுவலகமும் எரிந்ததைக் கண்ட சமூகம் நாம். மூலத்தாள் அழிந்துபோன இதழுக்கு, நாளைய ஆய்வாளன் தேடிப் பெறும் உரையே சாட்சியாகும். அந்தச் சாட்சியின் வாயில் சொல்லாததைத் திணிக்கும் உரிமை எவருக்குமில்லை.