மொத்தம் பொருந்தினால் போதுமா?

கேரளத்துப் பஞ்சாயத்துகளில் கணக்கெழுதும் முறை கடந்த பதினைந்து ஆண்டுகளுக்குள் பெரிய மாற்றங்களைக் கண்டிருக்கிறது. 2011ஆம் ஆண்டுக் கணக்கு விதிகளை ஒட்டி, இரட்டைப் பதிவு முறையும் அதற்கென இன்ஃபர்மேஷன் கேரளா மிஷன் ஆக்கிய 'சாங்க்யா' மென்பொருளும் வந்தன. வீட்டு வரிக்கு 'சஞ்சயா' என்று தனியே ஒன்று இருந்தது. பின்னர் எல்லாவற்றையும் ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவரும் நோக்கத்தோடு, நிதி நிர்வாகத்தையும் சொத்து வரியையும் அங்கங்களாகக் கொண்ட 'கே-ஸ்மார்ட்' 2024 ஜனவரி முதல் நகராட்சிகளிலும், 2025 ஏப்ரல் 10 முதல் பஞ்சாயத்துகளிலும் நடைமுறைக்கு வந்தது. இத்தகைய மாற்றம் நடந்தேறிய பிறகு, அது செம்மையாய் நடந்ததா என்று திரும்பிப் பார்க்கிற பரீட்சையை எப்படிச் செய்வது என்பதே இங்கு நாம் எடுத்துக்கொண்ட விஷயம். பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்திலும் இடுக்கியின் தேவிகுளம் வட்டத்திலும் வாழும் தமிழருக்கு இது தூரத்து விவகாரமன்று. அவர்கள் வீட்டு வரி ரசீதே இதன் முதற்சாட்சி.

பழைய பதிவேட்டிலிருந்து புதியதற்குத் தரவுகளைப் பெயர்த்ததும், அதிகாரிகள் வழக்கமாய்க் காட்டும் ஆதாரம் இரண்டு. ஒன்று, கட்டிடங்களின் எண்ணிக்கை அங்கும் இங்கும் சமம் என்பது; மற்றொன்று, வரவேண்டிய நிலுவையின் மொத்தம் ஒரு பைசா பிசகாமல் ஒத்துப்போகிறது என்பது. இவ்விரண்டும் அவசியமே, ஆனால் இவற்றோடு திருப்தியடைந்து கையெழுத்திடுவது விவேகமாகாது. மொத்தம் சரியாயிருக்க, உள்ளே இருப்பவை முற்றிலும் இடம் மாறிப் போவது சாத்தியம்.

ஓர் உதாரணத்தைக் கற்பித்துக்கொள்வோம். கொழிஞ்சாம்பாறையில் ஒரு வீட்டுக்கு அரையாண்டு வரி 600 ரூபாய். அதன்மேல் நூறுக்கு ஐந்து வீதம் நூலக வரி 30 ரூபாய். நான்கு அரையாண்டுகள் கட்டப்படாமல் நின்றிருந்தால் நிலுவை 2,520 ரூபாய். அதில் 2,400 பஞ்சாயத்தினுடையது, 120 மாநில நூலக மன்றத்துக்குப் போய்ச்சேர வேண்டியது. தரவு பெயர்க்கையில் இவ்விரு பகுதிகளும் ஒன்றாக்கப்பட்டு, 2,520ம் 'வீட்டு வரி' என்ற ஒரே தலைப்பில் விழுந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் மாறவில்லை, சரிபார்ப்பு அறிக்கையில் வேறுபாடு பூஜ்யம். ஆயின் புதிய மென்பொருள் அந்த 2,520ஐயும் வரியென்றே நம்பி, அதன்மேல் மறுபடியும் நூற்றுக்கு ஐந்து கணக்கிட்டால், வீட்டுக்காரர் அதிகமாய் 126 ரூபாய் கட்டும்படி நேர்கிறது. அவ்வாறு கணக்கிடாமல் விட்டாலோ, நூலக மன்றத்தின் 120 ரூபாய் சத்தமின்றிப் பஞ்சாயத்தின் வருமானமாகிவிடுகிறது. இப்பிழையைப் பிடிக்கும் உபாயம் மிக எளிது: ஒவ்வொரு வீட்டிலும் நூலக வரியை இருபதால் பெருக்கினால் வீட்டு வரி வரவேண்டும், முழு ரூபாயாக்கும்போது நேரும் சில்லறை வித்தியாசத்தைத் தாண்டி எங்கு வராமற் போகிறதோ, அந்த வரிசைகளை மட்டும் எடுத்து ஆராய்ந்தால் போதும்.

வேறொரு பிழை இதனினும் தந்திரமானது. ஒரு கட்டிடத்துக்கு அடையாளம் வார்டு எண்ணும் கதவு எண்ணும் சேர்ந்ததே. தேர்தலுக்கு முன் வார்டுகள் மறுவரையறை செய்யப்படும் போதெல்லாம் அவ்வடையாளம் அசைகிறது. இரு வீடுகளின் நிலுவைகள் ஒன்றுக்கொன்று மாறிவிட்டால் எந்தக் கூட்டலும் அதைக் காட்டிக்கொடுக்காது. ஆகையால் மாதிரி எடுத்துப் பார்ப்பதை இரு திசையிலும் செய்தல் வேண்டும்: மக்கள் கையிலுள்ள ரசீதிலிருந்து திரைக்குப் போனால் விடுபட்டவை தெரியும், திரையிலிருந்து வீட்டுக்குப் போனால் இல்லாத வீடுகள் தெரியும். குருட்டாம்போக்கில் நூறு வீடுகளைப் பொறுக்குவதைவிட, பெயர் மாறியவை, பாதி கட்டியவை, விலக்குப் பெற்றவை ஆகிய சிக்கலான இனங்களிலிருந்து பத்துப் பத்தாக எடுப்பதே பயன் தரும். 60 சதுர மீட்டருக்கு மேற்படாத, சொந்தக் குடியிருப்பான வீடுகளுக்கு 2023இல் வரிவிலக்கு அளிக்கப்பட்டதல்லவா? அவ்வீடுகளில் பழைய நிலுவை இருக்கலாம், புதிய கேட்பு இருக்கலாகாது. வட்டவடை போன்ற ஊர்களில் சிறு வீடுகளின் பட்டியலை ஒரு மணி நேரம் பார்த்தாலே பெயர்ப்பு வேலையின் தரம் வெட்டவெளிச்சமாகும்.

இனி, பழைய முறையையும் புதிய முறையையும் சிறிது காலம் ஒருங்கே நடத்துவதைப் பற்றி. கே-ஸ்மார்ட் வந்தபோது பழையதை நிறுத்திப் புதியதைத் தொடங்கும் இடைவெளியில் சில நாள் சேவைகள் நிறுத்தப்பட்டன. அரசுக்கு இதற்குக் காரணம் உண்டு; ஒரே குமாஸ்தா ஒரே ரசீதை இருமுறை பதிவது கொடுமையான வேலை. உண்மையில், இவ்வாறு இருமுறை பதிவது கட்டாயமான இடங்களில் வழக்கமாய் நடப்பது என்னவென்றால், மாலையில் ஒரு திரையைப் பார்த்து மறு திரையில் அப்படியே எழுதிவிடுவதுதான். முதல் மாதத்தில் ஒரு வேறுபாடுகூட இல்லை என்று ஓர் அலுவலகம் அறிக்கை தருமானால், அதைப் பாராட்டுவதற்கு முன் சந்தேகிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். எல்லாவற்றையும் இருமுறை பதிவதற்குப் பதிலாக, ஒவ்வொரு நாளும் ரொக்கம், காசோலை, இணையவழி வரவு மூன்றின் கூட்டுத்தொகையை மட்டும் கையேட்டில் எழுதி, வங்கிப் புத்தகத்தோடும் திரையோடும் ஒப்பிட்டால் போதும். ஆனால் இதை ஒரு மாதத்தில் முடித்துவிடாமல், அரையாண்டுக் கேட்பு உருவாகும் அக்டோபர் முதல் தேதியையும் மார்ச் இறுதிக் கணக்கடைப்பையும் கடக்கும்வரை நடத்த வேண்டும். மார்ச் 31 மாலை பழைய முறையில் ரசீது போட்டு, ஏப்ரலில் வங்கியில் ஏறிய இணையவழிப் பணம் சஸ்பென்ஸ் கணக்கில் அநாதையாய்க் கிடப்பது இந்த ஒப்பீட்டில்தான் தெரியவரும்.

வேறுபாடு கண்டபோது யாரைச் சந்தேகிப்பது என்பது சாமானியக் கேள்வியல்ல. பிரிட்டிஷ் அஞ்சல் துறை 1999 முதல் புகுத்திய 'ஹொரைசன்' கணக்கு மென்பொருள் பொய்யான பற்றாக்குறையைக் காட்ட, இயந்திரம் தவறாது என்று நம்பிய நிர்வாகம் கிளை அஞ்சலர்களையே குற்றவாளிகளாக்கிற்று. தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டனர். அந்த மென்பொருளில் பிழைகள் இருந்தமை 2019 டிசம்பரில் லண்டன் உயர்நீதிமன்றத் தீர்ப்பில் நிலைநாட்டப்பட்டது. ஆகவே, கல்லாவில் குறைந்த பணத்துக்குக் குமாஸ்தாவின் கையெழுத்தைக் கேட்கும் முன், அன்றைய பதிவுகளை யார், எப்போது திருத்தினர் என்ற தடத்தை அவர் கண்ணெதிரே காட்டுவது நியாயமாகும்.

பயிற்சியைப் பொறுத்தவரை, எத்தனை பேர் வகுப்பில் அமர்ந்தார்கள் என்ற கணக்கு வீண். பயிற்சி பெற்றவரிடம், தவறான வீட்டுக்குப் போட்டுவிட்ட ரசீதை ரத்து செய்து சரியான வீட்டுக்குப் போடும்படி சொல்லுங்கள். உதவியின்றி முடித்தால் அவருக்கு வந்துவிட்டது. ஓய்வுபெற்றோர், இடம் மாறியோரின் கடவுச்சொல்லை அன்றே முடக்குவதும் இதன் பகுதியே. திருவனந்தபுரம் வஞ்சியூர் சார்நிலைக் கருவூலத்தில் 2020இல் சுமார் இரண்டு கோடி ரூபாய் கையாடப்பட்டது, ஓய்வுபெற்ற அதிகாரியின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் உயிரோடிருந்தமையால்தான். எல்லைப் பகுதியில் இன்னொரு குறையும் வந்து சேர்கிறது. கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969 தமிழ்ச் சிறுபான்மையோர் தம் மொழியில் அரசு அலுவலகங்களுக்கு எழுதவும் அதே மொழியில் பதில் பெறவும் உரிமை தந்திருக்கிறது. அந்த உரிமை ஏட்டளவில் நில்லாதிருக்க வேண்டுமானால், வரிக் கேட்பின் விளக்கத்தைக் கவுண்டரில் தமிழிலே சொல்லத் தெரிந்த ஒருவரையேனும் ஒவ்வொரு பஞ்சாயத்திலும் பழக்கியிருக்க வேண்டும்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய வரி ரசீதுகளை எறிந்துவிடாதீர்கள். இவ்வருஷக் கேட்பைப் பெற்றதும் பெயர், வீட்டு எண், நிலுவை, நூலக வரி ஆகிய நான்கையும் அவற்றோடு ஒப்பிடுங்கள். ஒன்று மாறியிருந்தாலும் பஞ்சாயத்துச் செயலருக்குத் தமிழிலேயே எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்கிக்கொள்ளுங்கள்.