டப்பிங் வேண்டாம், சேர்

அன்பின் சேருக்கு,

வெள்ளவத்தையில் எங்கள் குறும்படம் முதன்முதல் பொதுவில் ஓடி முடிந்ததும் நீங்கள் சொன்னதற்கு அன்று பதில் சொல்ல நேரம் இருக்கவில்லை. இப்போது சொல்கிறோம். கொஞ்சம் சூடாத்தான் இருக்கும், குறை நினைக்காதீங்க.

"பேச்சு சனத்துக்கு விளங்கேல்ல. பொதுவான தமிழில டப் பண்ணினா சென்னைக்கும் அனுப்பலாம்" என்றீர்கள். வசனம் தவறியது உண்மைதான். ஆனால் யாருக்குத் தவறியது?

வாசலில் நின்று ஒவ்வொருவராகக் கேட்டோம். முன் நாலு வரிசையில் இருந்தவர்களுக்கு எல்லாம் விளங்கியிருக்கிறது. பின்னுக்கு, ஃபேனுக்குக் கீழே இருந்தவர்களுக்குப் பாதி போய்விட்டது. அவர்களுக்கு ஓட்டோக்காரரின் சிங்கள வசனமும் கேட்கவில்லை. அவர்களில் சிங்களம் தண்ணி மாதிரிக் கதைக்கிற ஆக்களும் இருந்தார்கள். வட்டாரப் பேச்சுதான் பிரச்சினை என்றால் முன்வரிசைக்கும் விளங்கியிருக்கக் கூடாது, சிங்களம் தவறியிருக்கவும் கூடாது. பிழை நடிகர்களின் வாயில் இல்லை, மண்டபத்தில்.

அது கூட்டத்துக்கும் கலியாணத்துக்கும் கட்டினது. வெறும் சுவர், சீமெந்துத் தரை, மேடைக்கு இரண்டு பக்கமும் பாட்டுக்காக பேஸ் ஏற்றி வைத்த ஸ்பீக்கர்கள். ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டுவது க, ச, த போன்ற மெய்யொலிகள். அவற்றின் கூர்மை அதிகமாக இருப்பது 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையான பகுதியில்; பலமோ குறைவு. உயிரொலிக்குப் பலம் கூட. அது சுவரில் மோதித் திரும்பி வந்து, அடுத்து வரும் மெய்யை மூடிவிடும். சென்னைத் தமிழில் டப் பண்ணினாலும் அந்தச் சுவர் அதையேதான் செய்யும்.

இதற்கு மருந்து வேறு. இப்படியான மண்டபங்களுக்கென்று தனியாக ஒரு ஒலிக்கலவை செய்கிறோம். வசனத்தில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டி, மெய்யொலிப் பகுதியை 3 டெசிபெல் போல ஏற்றி, வசனத்துக்கு அடியில் ஓடும் இசையை இறக்க வேண்டும். பிறகு படம் தொடங்க ஒரு மணித்தியாலம் முந்தி, ஃபேனைப் போட்டுவிட்டு, கடைசி வரிசையில் ஒருவரை இருத்தி, காதில் விழுவதை எழுதச் சொல்ல வேண்டும். அந்த ஆள் திரைக்கதை தெரியாதவராக இருக்க வேண்டும். எங்களுக்கு வசனம் பாடம். கேட்காவிட்டாலும் கேட்டதுபோல இருக்கும்.

டப்பிங்கை நாங்கள் மறுப்பதற்குப் பெரிய காரணம் கதையே. கொட்டாஞ்சேனைப் பிள்ளை ஒருத்தி வெள்ளவத்தையில் வாடகைக்கு அறை பார்க்க வருகிறாள். வீட்டுக்கார அம்மா, "முந்தி இஞ்ச வந்தனீங்களே?" என்கிறார். பிள்ளை, "இல்லீங்க, இப்பத்தான் வாறோம்" என்கிறாள். அம்மாவின் முகம் மாறுகிறது. "நீங்க எந்த இடம்?" அவ்வளவுதான், அறை கிடைக்காது என்று எங்கள் ஆக்களுக்கு அந்த நொடியிலேயே தெரியும். "வந்தனீங்களே"யில் வரும் அந்த "ஏ" யாழ்ப்பாணத்துக் கேள்வி. "இல்லீங்க" மலையகத்திலிருந்து வந்த குடும்பத்தின் வாய். இரண்டையும் "முன்னாடி வந்திருக்கீங்களா?", "இல்லைங்க" என்று ஆக்கினால் இருவரும் ஒரே ஊர்க்காரர் ஆகிவிடுவார்கள். பிறகு அந்த அம்மா எதற்காக முகம் சுளிக்கிறார்? கொழும்புத் தமிழருக்குள் ஒருவரை ஒருவர் எடைபோடும் தராசே பேச்சுதான். படம் அதைப் பற்றியது.

இன்னொன்றும் இருக்கிறது. அம்மாவும் மகளும் சண்டை பிடிக்கும் காட்சியில் சாந்த லூசியா பேராலய மணி வசனத்தோடு சேர்ந்தே பதிவாகியிருக்கிறது. குரலை எடுத்தால் மணியும் போகும், ரோட்டும் போகும். மூடிய ஸ்டுடியோ அறையில் பேசிய குரலை அந்த ஒழுங்கையில் கொண்டுவந்து ஒட்டினால், வாய் ஒரு இடத்திலும் குரல் இன்னொரு இடத்திலும் நிற்கும்.

சென்னைக்கு விளங்காது என்று ஏன் நாங்களே முந்திக்கொண்டு முடிவெடுக்க வேண்டும்? 'பருத்திவீரன்' 2007இல் வந்தபோது மதுரைப் பக்கத்துப் பேச்சை எங்களுக்காக யாரும் மாற்றித் தரவில்லை. பார்த்தோம், விளங்கியது. எங்கள் பேச்சு அங்கே போனது 2000இல், 'தெனாலி'யில், பகிடியாக. 1972இலேயே 'குத்துவிளக்கு' யாழ்ப்பாணப் பேச்சை இங்கே திரைக்குக் கொண்டுவந்தது. 1977இல் தர்மசேன பத்திராஜ என்ற சிங்கள இயக்குநர் யாழ்ப்பாணத்தில் 'பொன்மணி' எடுத்தார். அது தியேட்டரில் ஓடவில்லை என்று நீங்கள் சொல்வீர்கள். ஓடவில்லைதான். ஆனாலும் இன்றைக்கு நாங்கள் தேடிப் பார்ப்பது அதைத்தானே? அந்த வருசம் வசூலில் வென்ற படங்களையா தேடுகிறோம்?

சப்டைட்டில் போடுகிறோம், சிங்களத்திலும் ஆங்கிலத்திலும். அதில் எங்களுக்குப் பிடிவாதம் இல்லை. குரலில் கை வைக்க மாட்டோம்.

அடுத்த திரையிடல் கொட்டாஞ்சேனையில். கடைசி வரிசையில், ஃபேனுக்குக் கீழே, உங்களுக்கு ஒரு கதிரை போட்டு வைக்கிறோம். பேனையும் கொப்பியும் கொண்டு வாங்க சேர்.

இப்படிக்கு,
உங்கள் மாணவர்கள்